கோயில் பணமும் ஊர்ப் பணமும்



பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் படித்தவர் என்பதால் இந்த ஆண்டு ஊர் அம்மன் கோயில் நிர்வாகத்தில் அவரைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு முன் கணக்குக் கூட்டம் நடக்க வேண்டும். "மினிட்ஸ் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பழைய பக்கங்களில் 'கணக்கு வாசிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நான் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இதே நோட்டு தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்க் கோயில்களில் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. அதனால் இந்த மாதப் பக்கத்தை அவருடைய கேள்விக்கே கொடுத்துவிட்டேன்.

பழவேற்காட்டை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரிக்குக் கிழக்கே, ஆந்திராவுக்குள்ளும் நீண்டு கிடக்கும் உப்பங்கழி ஏரி அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மெல்லிய மணல் திட்டு. அங்கேயும் ஏரியின் கரையிலும் மீனவக் குப்பங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி முகத்துவாரம் திறந்து கடல்நீர் உள்ளே வந்தால் இறாலும் மடவையும் நண்டும் உண்டு. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் வலையும் காலி, வீடும் காலி. இதைச் சொல்வதற்குக் காரணம், கோயிலுக்கு வரும் பணமும் இந்தத் தண்ணீரை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்பதுதான். ஒரே அளவில் மாதாமாதம் வரும் வருமானம் அங்கே எந்தக் கோயிலுக்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டின் சில குப்பங்களில் 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு எடுத்து, முறை வைத்துத் தொழில் செய்வார்கள். அந்த உரிமை தலைக்கட்டுக்கு உரியது. திருமணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி போடுவதும் அதே தலைக்கட்டின் மேல்தான். ஊர்ச் சண்டையைத் தீர்ப்பது, பாட்டு முறையில் தகராறு வந்தால் விசாரிப்பது, திருவிழா நடத்துவது என எல்லாவற்றுக்கும் கூடுகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், கூடும் இடமும் பெரும்பாலும் கோயில் வாசலே. இது அந்த ஊர்களின் பலம். கணக்கு என்று வரும்போது சிக்கல் பிறக்கும் இடமும் இதுவே.

ஊர் கூடி உட்கார்ந்திருக்க, பொருளாளர் நின்றுகொண்டு வரவும் செலவும் வாய்விட்டுப் படிப்பது நல்ல வழக்கம். பூவுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, கூழ் வார்க்கக் கேழ்வரகு எத்தனை கிலோ என்று படிக்கும்போது, விலை தெரிந்தவர்கள் அங்கேயே குறுக்கே கேட்பார்கள். கணினியில் அச்சடித்த அறிக்கையை யாரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவதைவிட இது மேலான தணிக்கை என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறை எங்கே என்றால், அந்தக் கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் அன்றைய இரவோடு போய்விடுகின்றன. மூன்று ஆண்டு கழித்து நிர்வாகம் மாறி, ஊர் இரண்டாகி, வட்டாட்சியர் அமைதிக் கூட்டத்துக்கு அழைக்கும்போது, "அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொன்னேனே" என்பதற்குச் சாட்சி இருப்பதில்லை. கூட்டத்தில் வாயால் நடந்ததை, நடந்தபடியே நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் செயலாளரின் வேலை. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதலில், இந்தப் பொறுப்பு சட்டத்தின் கண்ணில் என்ன என்று பார்த்துவிடலாம். பொதுமக்கள் உரிமையோடு வந்து கும்பிடும் கோயில் எதுவாக இருந்தாலும், 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் அதைத் தொடும். அறநிலையத் துறை அதிகாரி யாரும் இதுவரை குப்பத்துப் பக்கம் வந்ததில்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. பலர் செய்யும் இன்னொரு காரியம், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்துவிட்டு, கோயில் இனி சங்கத்தின் சொத்து என்று நினைத்துக்கொள்வது. பதிவானது சங்கம் மட்டுமே. கோயிலின் பணத்துக்கும் நகைக்கும் சொந்தக்காரர் அங்கே இருக்கும் தெய்வம். நம் நீதிமன்றங்கள் தெய்வத்தைச் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு நபராகவே நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் என்ற வழக்கில், 1921இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதையொட்டிச் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. நிர்வாகம் செய்கிறவர் ஆங்கிலச் சட்டம் சொல்லும் முழு அர்த்தத்தில் டிரஸ்டி ஆகமாட்டார். ஆனாலும் சரியாக நடத்தாவிட்டால் டிரஸ்டியைப் போலவே பதில் சொல்லியாக வேண்டும்.

எந்த அளவு கவனம் வேண்டும் என்பதற்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஓர் அளவுகோல் தருகிறது. நிதானமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் தன் சொந்தக் காரியத்தையும் சொந்தப் பணத்தையும் எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்தோடு அறங்காவலர் கோயில் காரியத்தைப் பார்க்க வேண்டும். கணக்குப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. தன் வலையை யாருக்குக் கடன் கொடுத்தோம், ஐஸ்காரரிடம் எவ்வளவு பாக்கி என்று நினைவு வைத்திருக்கும் எந்த மீனவரும் அந்த அளவுகோலுக்குள் வந்துவிடுவார்.

இனி கணக்கு. நன்கொடை என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் கோயிலுக்குள் வரும் பணம் இரண்டு விதம். இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தது ஒன்று. சொல்லாமல் கொடுத்தது மற்றொன்று. தலைக்கட்டு வரி, உண்டியல், அம்மனுக்குச் சாத்திய புடவை, மாலை ஏலத்தில் வந்தது ஆகியவற்றை வழக்கமான பூஜைக்கும் திருவிழாவுக்கும் ஊர் தீர்மானித்தபடி செலவழிக்கலாம். "கும்பாபிஷேகத் திருப்பணிக்கு" என்று சொல்லி ஒருவர் கொடுத்த ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாயைக்கூட மைக்செட்டுக்கு எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. நான் பார்த்தவரை ஊர்க் கோயில்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை திருட்டு வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்த இரண்டு பணமும் ஒரே பெட்டியில் ஒரே கூட்டுத்தொகையாகக் கிடப்பதால் வருகிறவை.

ஒரு குப்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குப் புரிவதற்காக நானே போட்டுப் பார்த்த எண்கள் இவை. 160 தலைக்கட்டு. தலைக்கு 1,500 ரூபாய் வரி. 148 பேர் கட்டிவிட்டார்கள், அது 2,22,000 ரூபாய். உண்டியலில் 38,400. ஏலத்தில் 21,600. திருப்பணிக்கென்று ரசீது போட்டு வாங்கியது 1,10,000. சென்ற ஆண்டு மீதி 46,000. எல்லாம் சேர்த்து 4,38,000 ரூபாய். திருவிழாச் செலவு 3,15,000. மீதி 1,23,000.

பொருளாளர் இதைப் படித்து முடித்ததும் ஊர் கைதட்டும். மூன்று லட்சத்துக்குமேல் செலவழித்து விழாவை நடத்திவிட்டு, ஒரு லட்சத்துக்குமேல் மிச்சமும் வைத்திருக்கிறார்களே என்று பெரியவர்கள் மெச்சுவார்கள். நோட்டில் "இருப்பு ரூ. 1,23,000, ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும்.

இப்போது அதே எண்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அந்த 1,23,000இல் 1,10,000 திருப்பணிக்கு உரியது. அதைத் தொடக்கூடாது. பொதுப் பணத்தில் மிச்சம் 13,000 மட்டும்தான். இதற்கு மேல், பந்தல்காரருக்கு இன்னும் 20,000 ரூபாய் தர வேண்டும். பணம் கைமாறாததால் அது செலவுக் கணக்கில் ஏறவே இல்லை. அதையும் கழித்தால் பொதுக் கணக்கு 7,000 ரூபாய் பற்றாக்குறையில் நிற்கிறது. வரி கட்டாத 12 தலைக்கட்டிடமிருந்து 18,000 வந்து சேர்ந்தால்தான் நிமிரும். ஆண்டு மோசமாக இருந்து அவர்களால் கட்ட முடியாமல் போனால், அடுத்த ஆண்டின் வரியிலிருந்துதான் இந்த ஆண்டின் பந்தலுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். மீதிப் பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் 85,000. பொருளாளர் கையில் ரொக்கம் 38,000. கூட்டினால் சரியாக வருகிறது. ஆனால் பொதுப் பணத்தின் மிச்சம் 13,000 தானே? அப்படியானால் பொருளாளர் கையில் இருக்கும் 38,000இல் 25,000 திருப்பணிப் பணம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். வங்கி பொன்னேரியில் இருக்கிறது, போக நேரம் கிடைக்கவில்லை என்று அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தப் பணம் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. நாளைக்கு அவர் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டம் முடிவதற்குள் இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கணக்கு வாசிக்கிறோம்.

எனவே அந்தத் தம்பிக்கு நான் சொல்வது, இருப்பை ஒரே எண்ணாக எழுதாதீர்கள். பொது இருப்பு, திருப்பணி இருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி, வர வேண்டிய பாக்கி என்று நான்காக எழுதுங்கள். அதன்பின் வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று எழுதுங்கள். பாஸ்புக்கைக் கூட்டத்தில் இரண்டு பேர் கையில் வாங்கிப் பார்த்தார்கள் என்பதையும் ஒரு வரியில் பதியுங்கள். தீர்மானம் இப்படி இருக்கலாம்:

தீர்மானம் 4. திருப்பணி நிதி. இந்த ஆண்டு திருப்பணிக்கென்று வந்த நன்கொடை ரூ. 1,10,000. இதில் ரூ. 85,000 வங்கியில் உள்ளது. மீதி ரூ. 25,000 பொருளாளர் வசம் ரொக்கமாக உள்ளது. இத்தொகையை இன்றிலிருந்து ஏழு நாளுக்குள் திருப்பணிக் கணக்கில் கட்டி, சலானை அடுத்த கூட்டத்தில் காட்டுவது என்றும், திருப்பணி நிதியை வேறு செலவுக்கு எடுப்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. பந்தல்காரர் பாக்கியை முதலில் இந்தப் பணத்தில் தீர்த்துவிட்டு, வரி வந்ததும் திருப்பி வைக்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். கூட்டம் அதை ஏற்கவில்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் கையொப்பம்.

கடைசியில் வரும் அந்த மாற்றுக் கருத்தைக் கவனியுங்கள். "ஏகமனதாக" என்று எழுதிவிட்டால் ஊர் ஒற்றுமை தெரியும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஆட்சேபத்தை எழுதுவது அதைச் சொன்னவரை அவமதிப்பது ஆகாது. நாளைக்கு ஒரு முடிவு தவறாகப் போய் எல்லா அறங்காவலரும் பதில் சொல்ல வேண்டி வந்தால், அன்றே வேண்டாம் என்று சொன்னவரைக் காப்பது அந்த ஒரு வரிதான். ஏற்கப்படாத யோசனையைப் பதிந்ததால், அடுத்த நிர்வாகம் அதையே மறுபடி கொண்டுவந்தால், ஊர் முன்பே வேண்டாம் என்றது என்பதும் தெரியும்.

ஊர்ப் பணம் கோயில் பணத்தோடு கலப்பது இதைவிடச் சிக்கலானது. ஏரிக்கரைக் குப்பங்களில் ஊர்க்கூட்டமே கோயில் நிர்வாகமாகவும் இருப்பதால், தகராறில் போட்ட தெண்டம், ஊர்ப் பொதுக் காரியத்துக்கு வந்த உதவி, ஏதாவது நிறுவனம் ஊருக்குக் கொடுத்த தொகை எல்லாமே "கோயில் கணக்கில் போட்டு வை" என்று ஒரே இடத்துக்கு வந்துவிடும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் நிவாரணம் வந்தபோது, பல இடங்களில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள்தான் வாங்கிப் பகிர்ந்தன. ஊர் ஒரே குரலில் பேச முடிந்தது அதன் நன்மை. தலைக்கட்டுப்படி பகிர்ந்ததால், தலைக்கட்டில் பெயர் இல்லாத விதவைகளும் தனித்து வாழும் பெண்களும் விடுபட்டுப் போனதைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தத் துயரத்தைக் கோயில் கணக்கோடு நான் முடிச்சுப் போடக் காரணம் உண்டு. கோயில் பணத்தை ஊர்ச் செலவுக்கு எடுப்பதும், ஊருக்கு வந்ததைக் கோயிலுக்குக் கட்டுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். ஊருக்கு என்று வந்த பணத்தில் ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு, அம்மனைக் கும்பிடாத வீட்டுக்கும்தான். பழவேற்காட்டுப் பகுதியில் கோயிலோடு பள்ளிவாசலும் மாதா கோயிலும் இருக்கின்றன. அங்கே இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடாது. இரண்டு நோட்டு, இரண்டு வங்கிக் கணக்கு. இதற்குக் குறைந்து எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கோயில் பணத்தை வட்டிக்கு விடுவதையும் சொல்லியாக வேண்டும். தொழில் மந்தமான மாதங்களில் வெளியே அதிக வட்டிக்கு வாங்குவதைவிட, கோயில் பணத்தைக் குறைந்த வட்டிக்கு ஊர்க்காரர் எடுத்துக்கொள்வது கிராமங்களில் பழகிப்போனது. அதன் பின்னால் உள்ள தேவையை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அறங்காவலர் கோயில் பணத்தை எடுத்துத் தனக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது அறக்கட்டளை நெறியின் அடிப்படை, வட்டியோடு திருப்பினாலும் அது மாறாது. திருப்பணி நிதி வட்டிக்குப் போவதும் கூடாது. பழைய கடன்கள் ஏற்கெனவே நிற்கின்றன என்றால், மறைக்காமல் யாரிடம் எவ்வளவு, எப்போது தவணை என்று பட்டியலிட்டு இந்தக் கூட்டத்திலேயே நோட்டில் ஏற்றிவிடுங்கள். எழுதாத கடன், கொடுத்தவர் இறந்த அன்றே தொலைந்துவிடும்.

உண்டியலுக்கும் நகைக்கும் சில நடைமுறைகள் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். திறப்பது எப்போது என்று முன்னதாகச் சொல்லி, எண்ணி முடித்து, எந்த நோட்டு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று அங்கேயே எழுதி, எண்ணியவர்கள் இடத்தை விட்டு எழுந்திருக்கும் முன் கையெழுத்து. அம்மனுக்கு வந்த பொட்டு, தாலி, கண்மலர் போன்றவற்றை எழுதும்போது, மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை "தங்கம்" என்று எழுதாமல் "மஞ்சள் உலோகம்" என்றும், "வெள்ளி" என்று எழுதாமல் "வெள்ளை உலோகம்" என்றும் எழுதுவது நல்லது. எடையை எழுதும்போது உள்ளே அரக்கு இருக்கிறதா, கல் பதித்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து அரக்கு எடுத்து எடை போட்டால் எடை குறைந்துதான் வரும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பழைய நிர்வாகி எந்தத் தவறும் செய்யாமலே திருடன் ஆகிவிடுவார்.

பெரிய தொகை கொடுக்க வரும் பக்தர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை, கோயிலுக்கும் இது பொருந்தும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கேளுங்கள். ஊர்ப் பையன்கள் வெளிநாட்டில் வேலை பார்த்து அனுப்புவதைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் சொல்லும் வெளிநாட்டுப் பணம் ஆகாது. அவர் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு, அந்தப் பணத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

கூட்டத்தை எப்போது வைப்பது? அறநிலையத் துறையின் கணக்கு ஆண்டு பசலி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. குப்பங்களில் ஆடித் திருவிழாதான் பெரிய வரவும் பெரிய செலவும். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஜூன் முடிவில் கணக்கை மூடி, புதிய வசூலுக்கு ரசீது புத்தகம் திறப்பதற்கு முன் பழைய கணக்கை ஊருக்குப் படித்துக் காட்டிவிட்டால், ஒரு ஆண்டுப் பணம் இன்னொரு ஆண்டுக்குள் ஒழுகாது. திருவிழா முடிந்த கையோடு புது வரவையும் பழைய பாக்கியையும் சேர்த்துப் படிக்கும் ஊர்களில்தான் குழப்பம் நிரந்தரமாகத் தங்குகிறது.

கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பழவேற்காட்டிலிருந்து தெற்கே, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் எடுக்கக் குடவோலை போட்ட முறையை அவை சொல்கின்றன. அதில் எனக்கு மிகப் பிடித்த விதி ஒன்று உண்டு. முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவர் மட்டுமல்ல, குறிப்பிட்ட நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. சிறை, அபராதம் பற்றிய பேச்சு அந்த விதியில் இல்லை. கணக்குக் காட்டு, இல்லாவிட்டால் உன் வீட்டார் பெயர் குடத்துக்குள் வராது, அவ்வளவுதான். சீட்டுப் போட்டு ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் பாட்டுக் குப்பங்களுக்கு இந்தத் தண்டனையின் கனம் நன்றாகப் புரியும். உறவினரையும் தள்ளும் அளவுக்கு இன்று போக வேண்டாம். கணக்கை ஒப்படைக்காதவர் மறுபடி நிர்வாகத்துக்கு வரமுடியாது என்று ஒரு தீர்மானத்தை நிர்வாகம் புதிதாக அமையும் நாளிலேயே நிறைவேற்றி வைக்கலாம். யார் மேலும் சந்தேகம் இல்லாத நேரத்தில் போடும் விதியால் யாரும் மனம் புண்படமாட்டார்கள்.

கையில் வந்த பழைய நோட்டு நம்பகமானதா என்று எப்படிப் பார்ப்பது? பக்கங்களுக்கு வரிசை எண் இருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கு கூட்டத்தின் நடவடிக்கை ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் அது பிறகு உட்கார்ந்து எழுதியது. வெறும் பக்கத்தின் அடியில் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து, மேலே எழுதியதோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். ஒரு கூட்டத்தின் இறுதி இருப்பும் அடுத்த கூட்டத்தின் ஆரம்ப இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணிப் பாருங்கள். செலவில் "இதர" என்ற வரி மேளத்தைவிடப் பெரிதாக இருந்தால், அதைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே யார் மேலும் பழி போட வேண்டாம். கண்டதைக் கண்டபடி முதல் கூட்டத்திலேயே பதிந்துவிட்டால், அதற்கு முந்தைய குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பாளி ஆகமாட்டீர்கள்.

கோயிலுக்கு மனையோ கடையோ இருக்கும் ஊர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விற்பது, அடமானம் வைப்பது, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவது எதுவும் ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது என்கிறது 34ஆம் பிரிவு. ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்ட தீர்மானமும் அந்தக் குறையைத் தீர்க்காது.

பொறுப்பு மாறும் நாளுக்கும் ஒரு கூட்டம் வேண்டும். ரசீது புத்தகங்களில் எழுதாத இலைகள் எத்தனை, பாஸ்புக், காசோலைப் புத்தகம், உண்டியல் சாவி, நகைப் பட்டியல், பித்தளைப் பாத்திரம், மைக்செட், வர வேண்டிய பாக்கி என்று பட்டியல் போட்டு, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டு, அதை நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் விண்ணப்பத்தை அன்றே எழுதுங்கள். பழைய பொருளாளர் கையெழுத்தில் ஒரு வருடமாகப் பணம் எடுத்துக்கொண்டிருக்கும் கோயில்கள் நிறைய.

தம்பி தன் கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்கள் கோயிலுக்குத் தருவது கணவர் அல்லது மகன் பெயரில்தான் ரசீதாகிறது, தலைக்கட்டில் பெயர் இல்லாத ஒரு பாட்டி தன் பெயரிலேயே ரசீது கேட்கிறார், கொடுக்கலாமா என்று. கட்டாயம் கொடுக்க வேண்டும். நன்கொடை ரசீது கொடுத்தவர் பெயருக்கு உரியது, அதற்கும் தலைக்கட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய பெயரை அப்படியே எழுதி, எந்தக் காரியத்துக்கு என்றும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அடுத்த கணக்குக் கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். அறநிலையச் சட்டம் தன் கீழ் அமையும் அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்கிறது. குப்பத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில் விதிப்படி எந்தத் தடையும் இல்லை. உங்கள் ஊர்க் கோயில் நோட்டில் பெண்களின் பெயர் எப்படி ஏறுகிறது, கணக்கு வாசிக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்று மற்ற வாசகர்களும் எழுதுங்கள். வரும் இதழில் அவற்றைப் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்